மருந்துப் புட்டிக்குள் மணல் பொட்டலம்

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் காலை. எட்டு மணி இருக்கும். நாம் காப்பி அருந்திவிட்டுத் திண்ணையில் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தோம். திடீரென்று எதிர் வீட்டிலிருந்து, "ஐயையோ! குழந்தை விஷத்தைத் தின்றுவிட்டாளே!" என்று மாமியின் அலறல் கேட்டது. செருப்பைக்கூட மாட்டிக்கொள்ளாமல் ஓடினோம்.

கூடத்தில் மூன்று வயதுப் பேத்தி உட்கார்ந்து உரக்க அழுதுகொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு வெள்ளைப் புட்டி மூடியில்லாமல் உருண்டு கிடந்தது. அமெரிக்காவில் இருக்கும் மகன் போன முறை வந்தபோது தாயாருக்காக வாங்கி வந்த சுண்ணாம்புச் சத்து மாத்திரைப் புட்டி அது. குழந்தை புட்டியைத் திறந்து, மாத்திரைகளை விட்டுவிட்டு, அவற்றின் நடுவே இருந்த ஒரு சிறு காகிதப் பொட்டலத்தை எடுத்திருக்கிறாள். ஒரு மூலையைக் கடித்துப் பிய்த்தும் விட்டாள். அவளுடைய மோவாயிலும் சட்டையிலும் ஜவ்வரிசி போன்ற கண்ணாடி மணிகள் நாலைந்து ஒட்டிக்கொண்டிருந்தன. பொட்டலத்தின் மேல் பெரிய ஆங்கில எழுத்துக்களில் 'டூ நாட் ஈட்' என்று அச்சிட்டிருந்தது. அதாவது, 'உண்ணாதே' என்று. அந்த எழுத்துக்களைப் படித்த பிறகுதான் மாமிக்குக் கை கால் ஓடவில்லை.

ஆனால் ஒரு கை மட்டும் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு டம்ளர் தண்ணீரில் பிடி உப்பைப் போட்டுக் கரைத்துக்கொண்டிருந்தாள் மாமி. "இதைக் குடிக்க வைத்தால் உள்ளே போனதெல்லாம் வாந்தியாக வெளியே வந்துவிடும். கொஞ்சம் குழந்தையைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்றாள். நாமும் பிடித்துக்கொள்ளத்தான் போனோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

நல்ல வேளையாக, தெருக்கோடியில் வசிக்கும் வயோதிக டாக்டர் அந்தச் சமயம் உள்ளே நுழைந்தார். முதல் காரியமாக மாமியின் கையிலிருந்த டம்ளரை வாங்கி முற்றத்தில் கொட்டினார். பிறகு குழந்தையின் அருகில் உட்கார்ந்தார். "நன்றாக அழுகிறாளே, நல்லதுதான். மூச்சு தாராளமாகப் போய் வருகிறது" என்று சொல்லிக்கொண்டே வாயைத் திறக்கச் செய்து பார்த்தார். கண்ணுக்குத் தெரிந்த இரண்டு மூன்று மணிகளை ஈரத் துணியால் துடைத்து எடுத்தார். வாய்க்கு நாலு மிடறு பச்சைத் தண்ணீர் கொடுத்தார். கடைசியில்தான் பொட்டலத்தைக் கையில் எடுத்து, இருபுறமும் நிதானமாகப் படித்தார்.

"அம்மா, இந்தப் பொட்டலத்தில் விஷம் ஒன்றும் இல்லை. சற்று முன் உங்கள் கையில் இருந்த டம்ளரில்தான் இருந்தது" என்றார்.

மாமியின் கேள்வி

குழந்தை சிறிது நேரத்தில் விளையாடப் போய்விட்டாள். மாமிக்கு மட்டும் சமாதானம் ஏற்படவில்லை. "விஷம் இல்லையென்றால் 'உண்ணாதே' என்று ஏன் கொட்டை எழுத்தில் போட வேண்டும்? போடாதிருந்தால் நான் ஏன் இவ்வளவு பயப்படப் போகிறேன்?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். அன்று மாலை டாக்டரின் வீட்டிற்குச் சென்று இதைப் பற்றி வெகு நேரம் பேசிக்கொண்டிருந்தோம். பிறகு நாமும் விசாரித்துத் தெரிந்துகொண்டோம். அவற்றையெல்லாம் சேர்த்து நேயர்களுக்குச் சொல்லுகிறோம்.

பொட்டலத்தில் இருக்கும் வஸ்துவுக்கு 'ஸிலிகா ஜெல்' என்று பெயர். ஸிலிகா என்பது வேறொன்றுமல்ல. ஆற்று மணலில் பெரும் பகுதியாக இருக்கும் அதே பதார்த்தம். மணலையும் சோடாக் காரத்தையும் சேர்த்து உருக்கினால் கண்ணாடி போன்ற ஒரு பொருள் கிடைக்கும். அதைத் தண்ணீரில் கரைத்துக் கந்தக அமிலத்தை விட்டால், பால் உறைந்து தயிராவதுபோலக் கரைசல் முழுவதும் கூழாக உறைந்துவிடும். அந்தக் கூழிலுள்ள உப்பைப் பல தடவை கழுவிப் போக்கி, பிறகு சூடேற்றி உலர்த்துகிறார்கள். தண்ணீர் வெளியேறியதும், அது இருந்த இடமெல்லாம் வெற்றிடமாக நிற்கிறது. இப்படியாகக் கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடித் துவாரங்கள் நிறைந்த கடினமான மணிகள் மிஞ்சுகின்றன. ஜெல் என்றால் கூழ் என்று அர்த்தம். கூழாக இருந்த காலத்தில் வைத்த பெயர், கல்லான பிறகும் நிலைத்துவிட்டது.

இதை ஏராளமாகத் தயாரிக்கும் முறைக்கு 1919-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் உரிமை பெற்றவர் வால்டர் பாட்ரிக் என்ற ரசாயன விஞ்ஞானி. பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஸர்வகலாசாலையில் ஆசிரியராக இருந்தவர். அது முதல் உலக யுத்தம் நடந்து முடிந்த காலம். விஷ வாயு முகமூடிகளில் ஆவிகளைப் பிடித்து நிறுத்துவதற்கு ஏற்ற வஸ்துக்களை விஞ்ஞானிகள் தேடிக்கொண்டிருந்தபோது இது அவர்கள் கவனத்திற்கு வந்தது. இரண்டாவது உலக யுத்தத்தில் பெனிஸிலின் மருந்தை ஈரம் படாமல் காப்பதற்கும், கப்பலேறிப் போன யுத்த தளவாடங்கள் துருப்பிடிக்காமல் இருப்பதற்கும் இதை உபயோகித்தார்கள். அங்கிருந்து நமது வீட்டு மருந்துப் புட்டிக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இது ஈரத்தை இழுக்கும் விதம் விசித்திரமானது. பஞ்சு தண்ணீரைக் குடிப்பதுபோலக் குடித்து இது ஊறிப் போவதில்லை. உப்பைப்போல நீர்த்தும் போவதில்லை. காற்றிலுள்ள நீராவி துவாரங்களுக்குள் புகுந்து, அவற்றின் சுவர்களில் போய் ஒட்டிக்கொள்கிறது. அவ்வளவுதான். சுவரின் பரப்பு அதிகமாக இருப்பதால் ஒட்டிக்கொள்ளும் ஈரமும் அதிகம். ஒரு கிராம் ஸிலிகா ஜெல்லின் உட்புறச் சுவர்களையெல்லாம் பிரித்து விரிக்க முடியுமானால், அவை சுமார் 700 சதுர மீட்டர் இடத்தை மூடும். சென்னைப் பட்டணத்துக் கணக்கில் சொன்னால் மூன்று கிரவுண்டு மனை! ஒரு சிட்டிகை மணிகளுக்குள் இவ்வளவு நிலம் மடிந்து கிடக்கிறது. ஈரம் நிறைந்த காற்றில் வைத்தால், தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலாகவே ஈரத்தை இது பிடித்து வைத்துக்கொள்ளும். அப்பொழுதும் தொட்டுப் பார்த்தால் உலர்ந்தே இருக்கும். பார்வைக்கும் மாறுதல் தெரியாது.

மழைக்காலத்தில் உப்பு ஜாடியில் நாலு அரிசியைப் போட்டு வைப்பது நம் வீடுகளில் உண்டல்லவா? அதே யோசனைதான் இதுவும். இது பன்மடங்கு வல்லமை பெற்ற அரிசி என்று வைத்துக்கொள்ளலாம்.

ஈரம் பட்டால் மாத்திரைக்கு என்ன?

அப்பளம் நமத்துப் போனால் மறுபடி அனலில் காட்டிச் சாப்பிட்டுவிடலாம். மாத்திரை நமத்துப் போனால் அப்படிச் செய்ய முடியாது. ஈரம் சில மருந்துகளை வேறு வஸ்துவாகவே மாற்றிவிடுகிறது.

எல்லோருக்கும் தெரிந்த ஆஸ்பிரின் மாத்திரையை எடுத்துக்கொள்வோம். தலைவலிக்கும், இக்காலத்தில் டாக்டர் யோசனைப்படி இருதய நோய்க்கும் உட்கொள்ளும் மருந்து இது. ஆஸ்பிரினுடன் ஈரம் சேர்ந்தால் அது மெள்ள மெள்ள இரண்டாகப் பிளந்து போகிறது. ஒரு பகுதி ஸாலிஸிலிக் அமிலம். மற்றொரு பகுதி அஸெடிக் அமிலம், அதாவது காடியில் இருக்கும் புளிப்புச் சத்து. ஆகையால்தான், பழைய ஆஸ்பிரின் புட்டியைத் திறந்தவுடன் காடி வாசனை மூக்கில் ஏறினால் அந்த மாத்திரைகளை உபயோகிக்கக் கூடாது என்கிறார்கள். மாத்திரையின் உருவம் அப்படியே இருக்கலாம். ஆனால் எழுதியிருக்கும் அளவு மருந்து அதில் இல்லை. புதிதாக உண்டானதோ வயிற்றைப் புண்படுத்தக்கூடியது.

தண்ணீரில் போட்டால் பொங்கிக் கரையும் மாத்திரைகளின் நிலைமை இன்னும் மோசம். பொங்குவதற்கு வேண்டிய காரமும் அமிலமும் அதற்குள்ளேயே பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. துளி ஈரம் கிடைத்தாலும் அவை தம் வேலையைத் தொடங்கிவிடும். ஆகவே அம்மாதிரி மாத்திரைகள் வரும் குழாயில் மூடிக்குள்ளேயே உலர்த்தும் மணிகளை அடைத்து வைக்கிறார்கள். மூடியைக் குலுக்கினால் கலகலவென்று கேட்பது அதுதான்.

ரத்தம் உறையாமலிருக்க உட்கொள்ளும் டாபிகாட்ரான் என்ற மருந்து மற்றோர் உதாரணம். புட்டியில் வரும்போது இதற்கும் மூடியில் உலர்த்தி உண்டு. அதே புட்டியில்தான் வைத்திருக்க வேண்டும், கிழமைவாரியாக அறைகள் உள்ள மாத்திரைப் பெட்டியில் எடுத்துப் போடக் கூடாது, திறந்த நான்கு மாதங்களுக்குள் உபயோகித்துவிட வேண்டும் என்றெல்லாம் அமெரிக்காவில் அதன் விவரக் குறிப்பில் எழுதியிருக்கிறார்கள். ஈரம் பட்டு மருந்தின் வேகம் குறைந்தால், ரத்தம் உறைவதைத் தடுக்கும் காவல் நோயாளிக்குத் தெரியாமலே தளர்ந்துவிடும்.

நம் தேசத்தில் பெரும்பாலான மாத்திரைகள் அட்டைகளில் வருகின்றன. ஒவ்வொரு மாத்திரையும் தனித்தனி அறையில் மூடப்பட்டிருக்கிறது. ஒன்றைப் பிதுக்கி எடுத்தால் மற்றவற்றின் மேல் காற்றுப் படுவதில்லை. ஆகையால் அட்டையில் பொட்டலத்திற்கு வேலை இல்லை. புட்டியின் சங்கதி வேறு. நூறு மாத்திரைக்கும் ஒரே வாசல். ஒரு மாத்திரைக்காகத் திறந்தால் நூறின் மேலும் காற்றுப் படுகிறது.

ஒரு சிறு கணக்கு

அப்படியானால் பொட்டலம் எத்தனை நாள் காவல் காக்கும்? டாக்டர் ஒரு காகிதத்தில் போட்டுக் காட்டிய கணக்கு இது.

புட்டியில் மாத்திரைகள் போக 100 மில்லிலிட்டர் காற்றுக்கு இடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 30 டிகிரி உஷ்ணமுள்ள ஒரு மழை நாளில், ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். அப்படியானால் புட்டிக்குள் இருக்கும் காற்றில் 2.4 மில்லிகிராம் மட்டுமே. ஒரு கிராம் எடையுள்ள பொட்டலம் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 200 மில்லிகிராம் ஈரத்தை ஏற்றுக்கொண்டாலும், புட்டிக்குள் மாத்திரைகளுக்கு ஏற்ற வறட்சி ஓரளவு நிலைத்திருக்கும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் உள்ளேயுள்ள காற்று முழுவதும் மாறிவிடுவதாகவே கொண்டாலும், 80 தடவைக்கு மேல் அது தாங்கும். தினம் இரண்டு வேளை திறந்தால் நாற்பது நாள். உடனுக்குடன் மூடிவிட்டால் காற்று முழுவதும் மாறாது. ஆகவே காவலும் நீடிக்கும்.

இதே புட்டியை ஓரிரவு முழுவதும் மூடாமல் வைத்துவிட்டால்? அப்பொழுது அந்த ஒரு கிராம் ஜெல், 100 மில்லிலிட்டர் காற்றோடு அல்ல, வீட்டுக் காற்று முழுவதோடும் மல்லுக்கு நிற்கிறது. விடிவதற்குள் அதன் துவாரங்கள் பெரும்பாலும் நிறைந்துவிடும். மறு நாள் காலை பொட்டலம் பார்வைக்கு முன்போலவே இருக்கும்; ஆனால் அதனிடம் மிச்சமிருக்கும் பலம் சொற்பம்.

சரி, பொட்டலத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டால் என்ன என்று தோன்றலாம். அதற்கும் ஓர் எல்லை உண்டு. ஜெலடின் கூடுகளில் அடைத்த மருந்துகளை நேயர்கள் பார்த்திருப்பார்கள். அந்தக் கூட்டில் நூற்றுக்குச் சுமார் 13 முதல் 16 பங்கு ஈரம் இருந்தாக வேண்டும். அதற்கும் கீழே போனால் கூடு வறண்டு, விரலால் எடுக்கும்போதே நொறுங்கிவிடும். ஆகையால் எந்த மருந்துக்கு எவ்வளவு உலர்த்தி என்பதை மருந்து தயாரிப்பவர்கள் பரிசோதித்து நிச்சயிக்கிறார்கள். ஒரு புட்டியின் பொட்டலத்தை எடுத்து இன்னொரு புட்டியில் போடுவது இந்தக் காரணத்தாலும் உசிதமல்ல.

பிறகு ஏன் 'உண்ணாதே'?

ஸிலிகா ஜெல் வயிற்றில் ஜீரணமாவதில்லை. ரத்தத்திலும் சொல்லும்படியாகச் சேர்வதில்லை. போன வழியே வெளியே வந்துவிடுகிறது. இன்னும் வேடிக்கை என்னவென்றால், மாமியின் மாத்திரைப் புட்டியிலே மேலுறையில் இருந்த சேர்க்கைப் பட்டியலைப் படித்துப் பார்த்தோம். கடைசி வரிகளில் 'ஸிலிகான் டையாக்ஸைடு' என்று கண்டிருந்தது. அதுவும் ஸிலிகாதான்! மாத்திரை செய்யும் தூள் கட்டி தட்டாமல் யந்திரத்தில் சரளமாக ஓடுவதற்காக அதை மிக மெல்லிய பொடியாகச் சேர்ப்பார்கள். உணவுப் பொடிகளிலும் 551 என்ற இலக்கத்துடன் அதே வஸ்து சேர்கிறது. ஆக, மாமி தினமும் துளித்துளியாக உட்கொண்டு வந்ததைத்தான் பேத்தி அன்று மணியாகக் கடித்திருக்கிறாள்.

கல்லுடைக்கும் தொழிலாளிகளின் நுரையீரலைக் கெடுக்கும் ஸிலிகாத் தூசியைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் இங்கே திடுக்கிடலாம். அது குவார்ட்ஸ் என்ற பளிங்குக் கல்லின் தூசி. வருஷக்கணக்கில் மூச்சோடு உள்ளே போய்க் கெடுதல் செய்வது. பொட்டலத்தில் இருப்பது பளிங்காக உறையாத ஸிலிகா; இரண்டும் ஒரே குலமானாலும் குணம் வேறு.

அப்படியிருந்தும் 'உண்ணாதே' என்று எழுதுவதற்கு மூன்று காரணங்கள் உண்டு. மூன்றும் உண்மையான காரணங்கள்.

முதலாவது, மூச்சு அடைத்துக்கொள்ளும் அபாயம். பொட்டலம் விஷமல்லவென்றாலும் தொண்டையில் சிக்கக்கூடிய பொருள். சிறு குழந்தை முழுப் பொட்டலத்தையும் வாயில் போட்டுக்கொண்டால் மூச்சுக் குழாய் அடைபடலாம். சிதறிய மணிகளில் ஒன்று புரையேறி நுரையீரலுக்குள் போனாலும் தொல்லைதான். ஜெல் ஈரத்தை இழுப்பதால் வாயிலும் தொண்டையிலும் வறட்சி உண்டாகி, மணிகள் ஒட்டிக்கொள்ளவும் செய்யும். நமது டாக்டர் முதலில் கவனித்தது விஷத்தையல்ல, மூச்சை என்பதை நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, ஆள் மாறாட்டம். மருந்துப் புட்டிக்குள் இருப்பதையெல்லாம் மருந்து என்று எண்ணுவது மனித சுபாவம். அதிலும், உலர்த்தி எப்பொழுதும் பொட்டலமாகவே வருவதில்லை. சில புட்டிகளில் பிளாஸ்டிக்கினால் ஆன சிறு வெள்ளை உருளையாக இருக்கும். இரவு நேரத்தில், மூக்குக் கண்ணாடி இல்லாமல், ஒரு தாத்தா புட்டியை உள்ளங்கையில் கவிழ்த்தால் மாத்திரைக்குப் பதில் அந்த உருளை வந்து விழலாம். அதைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டால் உணவுக் குழாயில் மாட்டிக்கொள்ளக்கூடும். அன்றைய மருந்து உள்ளே போகாமலிருப்பது வேறு நஷ்டம். ஆகையால்தான் அமெரிக்காவின் மருந்து நிர்வாக இலாகா 1999-ல் வெளியிட்ட யோசனைகளில், உலர்த்தியானது கூட இருக்கும் மாத்திரையிலிருந்து உருவத்திலோ அளவிலோ வேறுபட்டிருக்க வேண்டும் என்று கண்டிருக்கிறது. எழுத்துப் படிக்காதவர் கைக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும் என்பது கருத்து.

மூன்றாவது காரணம் மிக முக்கியமானது. பொட்டலம் என்றால் எல்லாம் ஸிலிகா ஜெல் அல்ல. வெளித் தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும் பைகளுக்குள் வெவ்வேறு வஸ்துக்கள் இருக்கின்றன. மருந்துப் புட்டிகளில் களிமண் வகையோ கரியோ இருப்பதுண்டு, அவை சாது. தின்பண்டப் பைகளில் வரும் சில பொட்டலங்களில் இரும்புப் பொடி இருக்கிறது. அது ஈரத்தை அல்ல, பிராணவாயுவை இழுப்பதற்காக வைத்தது. ஜப்பான் முதலிய தேசங்களிலிருந்து வரும் கடற்பாசித் தாள், பிஸ்கோத்து முதலியவற்றில் சுட்ட சுண்ணாம்பே இருப்பதுண்டு. நீற்றாத சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் எப்படிக் கொதிக்கும் என்பதை வெள்ளையடிக்கும் காலத்தில் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதைக் குழந்தை கடித்தால் எச்சில் பட்டே வாய் வெந்துவிடும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

ஸிலிகா ஜெல்லிலும் நீல நிற மணிகள் சில உண்டு. ஈரம் நிறைந்ததும் ரோஜா நிறமாக மாறி, 'எம்மை மாற்றுங்கள்' என்று தெரிவிப்பவை. அந்த நீலத்தைக் கொடுப்பது கோபால்ட் உப்பு. அதன் தூசியை மூச்சில் இழுத்தால் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று ஐரோப்பாவில் வகைப்படுத்தியிருக்கிறார்கள். உள்ளே போனாலும் நல்லதல்ல. அம்மணிகள் ஆய்வுச்சாலைகளுக்கும் யந்திரங்களுக்கும் உரியவை. மருந்தோடு வருவது நிறமற்ற மணிகளே. காமிராப் பெட்டியிலிருந்தோ வேறு எங்கிருந்தோ நிற மணிகள் கிடைத்தால், அவற்றை வெள்ளை மணிகளுக்குச் சமானமாக எண்ணக் கூடாது.

ஒரு பைக்குள் என்ன இருக்கிறது என்று மூன்று வயதுக் குழந்தையால் ஆராய முடியாது. பதறிய தாயாராலும் முடியாது. ஆகவே சாதுவான பைக்கும் கொடிய பைக்கும் ஒரே வாக்கியத்தை எழுதிவிட்டார்கள். 'இது விஷம்' என்பது அதன் பொருளல்ல. 'இது உணவுமல்ல, மருந்துமல்ல' என்பதே பொருள். எழுதியவர்கள் அதை ஆங்கிலத்தில் மட்டும் எழுதிவிட்டதுதான் நமக்குக் குறையாகத் தோன்றுகிறது. பையின் மறுபுறம் காலியாகத்தானே இருக்கிறது? நம் நாட்டில் அடைக்கும் புட்டிகளிலாவது, அவை விற்கும் மாகாணத்தின் பாஷையில் ஒரு வரி அச்சிட்டால் மை அதிகம் செலவாகிவிடாது.

வீட்டில் செய்ய வேண்டியவை

குழந்தை பொட்டலத்தைக் கடித்துவிட்டால் முதலில் மூச்சைக் கவனியுங்கள். இருமுகிறதா, மூச்சுத் திணறுகிறதா, எச்சிலை விழுங்க முடியாமல் வழிய விடுகிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். இல்லையென்றால், கண்ணுக்குத் தெரியும் மணிகளை மட்டும் துடைத்து எடுத்துவிட்டுச் சிறிது தண்ணீர் கொடுக்கலாம். தெரியாததைத் தேடித் தொண்டைக்குள் விரலை விடக் கூடாது. விட்டால் அது இன்னும் கீழே போகும். பிறகு பையின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். ஸிலிகா ஜெல் என்று இருந்து, மணிகள் நிறமற்று இருந்தால் கவலைப்பட வேண்டாம். இரண்டு மூன்று நாள் இருமலோ இழுப்போ வருகிறதா என்று கவனித்தால் போதும். சுண்ணாம்பு என்றோ வேறு பெயரோ இருந்தால், அல்லது பெயரே இல்லாவிட்டால், பையையும் கையில் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போக வேண்டும். டில்லியில் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் விஷ சம்பந்தமான தகவல் கொடுப்பதற்கென்றே ஒரு நிலையம் 1995 முதல் நடந்து வருகிறது. அங்கே தொலைபேசியில் கேட்கலாம்.

எந்தக் காரணத்தைக் கொண்டும் உப்புத் தண்ணீர் மட்டும் கொடுக்கக் கூடாது. பிடி உப்பு ஒரு சிறு குழந்தையின் ரத்தத்தில் சேர்ந்தால் மூளை பாதிக்கப்பட்டு வலிப்புக் காணலாம். உயிருக்கே மோசம் வரலாம். வாந்தி எடுக்கும்போது மணிகள் மூச்சுக் குழாய்க்குள் போகும் அபாயமும் உண்டு. சுண்ணாம்பாக இருந்தாலோ, ஒரு தடவை சுட்ட தொண்டையை வாந்தி இரண்டாந் தடவையும் சுடும். டாக்டர் முதலில் டம்ளரைக் கொட்டியதன் காரணம் இதுதான்.

பொட்டலத்தைக் கண்டு பயந்து, புட்டியைத் திறந்த அன்றே அதைத் தூக்கி எறிந்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் தவறு. மாத்திரைகள் தீரும்வரை அது புட்டிக்குள்ளேயே இருக்க வேண்டும். எறிய வேண்டியது, புட்டியின் வாயில் அடைத்திருக்கும் பஞ்சைத்தான். பிரயாணத்தில் மாத்திரைகள் உடையாமலிருப்பதற்காக வைத்தது அது. திறந்த பிறகு அங்கேயே விட்டால் வெளி ஈரத்தை உறிஞ்சி உள்ளே கொண்டுவந்து சேர்க்கும். புட்டியை அடுப்பங்கரையிலும் ஸ்நான அறையிலும் வைக்கக் கூடாது. மாத்திரை தீர்ந்ததும் புட்டியோடு பொட்டலத்தையும் குழந்தைகள் கைக்கு எட்டாதபடி எறிந்துவிட வேண்டும்.

இரண்டு நாள் கழித்து எதிர் வீட்டிற்குப் போயிருந்தோம். பேத்தி இருமலும் இல்லாமல் இழுப்பும் இல்லாமல் முற்றத்தில் காகிதக் கப்பல் விட்டுக்கொண்டிருந்தாள். புட்டி அலமாரியின் மேல் தட்டுக்கு ஏறியிருந்தது. அதன் மேல் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி, மாமி தன் கைப்பட எழுதியிருந்தாள்: "உள்ளே இருக்கும் பொட்டலம் மருந்து அல்ல. விஷமும் அல்ல. எடுக்காதே. மூடியை இறுக்கி மூடு."